சிதம்பரத்தின் சாவி யாரிடம்: மதச்சார்பின்மையின் இரண்டு மாதிரிகளும் கோயில் நிர்வாகமும்

கேள்வி: மதமும் அரசியலும் பாடத்தில் மதச்சார்பின்மைக்கு இரண்டு மாதிரி சொல்லித் தருகிறார்கள். அரசையும் மதத்தையும் முழுதாகப் பிரித்து வைப்பது ஒன்று, எல்லா மதங்களையும் சமமாக மதிப்பது இன்னொன்று. இந்தியா இரண்டாவது வகை என்று எழுதினால் போதுமா? அப்படியானால் அரசே கோயிலை நடத்துவதை எதில் சேர்ப்பது? இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் எங்கே வரும்?

போதாது. மதிப்பெண் கிடைக்கலாம், ஆனால் நீங்களே எழுப்பிய கோயில் கேள்விக்கு அந்த வரியில் பதில் இருக்காது. அரசமைப்பின் முகவுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, ஒரு வழிபாட்டிடத்தின் நிலம், உண்டியல், சாவி ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் அந்த நாட்டின் மதச்சார்பின்மை சீக்கிரம் பிடிபடும். அதனால் பதிலைக் கோயில் நிர்வாகத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பிரிவினை மாதிரி. பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. மனசாட்சிச் சுதந்திரத்துக்கு அரசு உத்தரவாதம் தரும், ஆனால் எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் கொடுக்காது, மானியம் தராது. அமெரிக்காவின் 1791ஆம் ஆண்டு முதல் திருத்தம், அரசு ஒரு மதத்தை நிறுவவும் கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்கிறது. கேட்க நேர்த்தியாக இருக்கும். நடைமுறை அவ்வளவு நேர்த்தியில்லை. 1905க்கு முன் கட்டப்பட்ட பிரெஞ்சுப் பேராலயங்கள் அரசின் சொத்து, ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் ஊராட்சிகளின் சொத்து. நோத்ர தாம் அரசுக் கட்டடம்தான். சட்டம் வந்தபோது ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸ், மொசெல் பகுதிகளில் இன்றும் பாதிரியார்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. அமெரிக்காவில், அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே உயரமான மதில் இருக்க வேண்டும் என்று 1947இல் முழங்கிய அதே எவர்சன் தீர்ப்புதான், கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை வரிப்பணத்திலிருந்து பெற்றோருக்குத் திருப்பித் தருவது செல்லும் என்றும் சொன்னது. மேற்கில் மதில், இங்கே மரியாதை என்று எதிரெதிராக எழுதும்போது அங்கேயும் மதிலில் வாசல்கள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இருந்தாலும் பிரிவினை மாதிரிக்கு ஒரு தெளிவான சாரம் உண்டு. மத அமைப்பின் உள்விவகாரத்தில் அரசு மத்தியஸ்தம் செய்யாது. ஒரு சபை இரண்டாக உடைந்து கட்டடம் யாருக்கு என்று சண்டை வந்தால், அமெரிக்க நீதிமன்றம் எந்தப் பிரிவின் இறையியல் சரி என்று கேட்பதில்லை. சபையின் உயர் அமைப்பு சொன்னதை ஏற்கும், அல்லது எந்தச் சொத்துத் தகராறையும் போலப் பத்திரத்தைப் பார்த்துத் தீர்க்கும். குருக்களாக யாரை அமர்த்துவது என்பது முழுக்கச் சபையின் வேலை.

இதே யோசனை இந்தியாவின் அரசமைப்பு அவையிலும் வந்தது. இந்திய அரசுக்கு எந்த மதத்தோடும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்ற ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லி கே.டி. ஷா 1948இல் திருத்தம் கொண்டுவந்தார். அவை அதை ஏற்கவில்லை. ஏன் என்று புரிய, சென்னை மாகாணத்துக் கோயில்களின் முந்தைய நூற்றாண்டுக் கதை வேண்டும். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் காந்தி, நேரு என்று தொடங்கிவிடுவதால் இந்தப் பகுதி விட்டுப்போகிறது.

தென்னிந்திய அரசர்கள் கோயிலுக்கு நிலம் விட்டார்கள், தகராறு வந்தால் தீர்த்தார்கள், கணக்குக் கேட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அரசர் இடத்துக்கு வந்தபோது அந்த வேலையும் சேர்ந்தே வந்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில் மானியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. அதாவது ஒரு கிறிஸ்தவக் கலெக்டர் பெருமாள் கோயில் கணக்கைப் பார்த்தார். திருவிழா ஏற்பாடுகளிலும் அரசு கை வைத்தது. மிஷனரிகளுக்கு இது பொறுக்கவில்லை, அதிகாரிகள் சிலருக்கும் பொறுக்கவில்லை. சென்னைப் படைத்தளபதி பெரிக்ரின் மெயிட்லண்ட் இந்தப் பிரச்சினையில் 1838இல் பதவியையே விட்டார். லண்டனிலிருந்து வந்த நெருக்கடியில் 1840களில் கம்பெனி கோயில்களிலிருந்து விலகத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தை அறங்காவலர்களிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் விட்டு, அரசு கைகழுவியதை உறுதி செய்தது.

கவனியுங்கள், இது பிரிவினைதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை. அதன் விளைவையும் அவர்கள் அனுபவிக்கவில்லை. கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் அறங்காவலர்களின் கை ஓங்கியது, நிலங்கள் கைமாறின. வழக்குப் போட நினைத்த பக்தர் சொந்தச் செலவில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. பல பத்தாண்டுப் புகார்களுக்குப் பிறகு நீதிக்கட்சி அரசு 1925இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது செல்லுமா என்ற கேள்வி எழுந்ததால் 1927இல் மறுபடி இயற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டுச் சட்டம், அப்புறம் இன்று நடப்பில் உள்ள 1959ஆம் ஆண்டுச் சட்டம். அறநிலையத் துறையின் ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டமே சொல்கிறது. மதில் எழுப்பிய ஒரு நாட்டில் இப்படி ஒரு விதியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பிரிவினை ஏன் இங்கே எளிதில்லை என்பதற்கு இன்னும் நல்ல சான்று அரசமைப்பிலேயே இருக்கிறது. 290அ கூறைப் பாருங்கள். கேரள அரசு ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாடு அரசு 13.5 லட்சம் ரூபாயை, 1956 நவம்பர் 1இல் தன்னோடு இணைந்த பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கோயில்களுக்கான நிதிக்குத் தர வேண்டும். கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களைத்தான் சொல்கிறார்கள். மதச்சார்பற்ற நாட்டின் அரசமைப்பில் கோயில் செலவுக்குத் தொகை குறித்து வைத்திருப்பது முதலில் படிக்கும்போது வியப்பாக இருக்கும். காரணம் எளியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, திருவிதாங்கூர் அரசு நூற்றுக்கணக்கான கோயில்களை அவற்றின் நிலத்தோடு எடுத்துக்கொண்டது. நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது, பதிலுக்குக் கோயில் செலவை அரசு ஏற்றது. அந்த அரசின் வாரிசுகள் நாங்கள் மதச்சார்பற்றவர்கள், இனிப் பணம் தர மாட்டோம் என்று சொன்னால் அதற்குப் பெயர் நடுநிலை இல்லை. நிலத்தை வைத்துக்கொண்டு கடனை மறுப்பது.

(அந்தத் தொகை அரசமைப்பில் 1956இல் எழுதியபடியே நிற்கிறது. பணவீக்கத்துக்கு அரசமைப்பில் இடமில்லை.)

இப்போது இந்திய ஏற்பாட்டின் சட்ட எலும்புக்கூடு. 25ஆம் கூறு மதச் சுதந்திரம் தருகிறது. அதே மூச்சில், மதத்தோடு ஒட்டிய பொருளாதார, நிதி, அரசியல், இன்னபிற உலகியல் நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம், சமூகச் சீர்திருத்தம் செய்யலாம், பொது இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடலாம் என்கிறது. 26ஆம் கூறு, ஒரு சமயப் பிரிவு தன் மத விவகாரங்களைத் தானே நடத்தலாம், சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்கலாம் என்கிறது. 27ஆம் கூறு, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி வாங்கக் கூடாது என்கிறது. ஆக, மதத்துக்கும் அரசுக்கும் நடுவே போட வேண்டிய கோட்டை இந்தியா மதத்துக்குள்ளேயே போட்டிருக்கிறது. மதத்தின் ஒரு பாதி மத விவகாரம், மறுபாதி உலகியல். அந்தக் கோட்டை யார் போடுவது என்பதில்தான் எழுபது வருட வழக்குகளும்.

முதல் பெரிய வழக்கு சிரூர் மடம், 1954. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று அது. உடுப்பி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கிருஷ்ணர் கோயில் பூஜை முறை சுற்று முறையில் ஒவ்வொரு மடத்துக்கும் இரண்டாண்டுக் காலம் வரும், அந்தப் பரியாயக் காலத்தின் அன்னதானச் செலவில் மடம் கடனாளியானது. அறநிலைய வாரியம் நிர்வாகத்தில் தலையிட்டது, மடாதிபதி வழக்குப் போட்டார். நீதிபதி பி.கே. முகர்ஜியா எழுதிய தீர்ப்பு இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது. எந்தச் சடங்கு அவசியம் என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பணம் செலவாகிறது, ஆள் அமர்த்துகிறார்கள் என்பதாலேயே ஒரு சடங்கு உலகியல் விவகாரமாகிவிடாது. அதனால் அதிகாரிகள் எந்த நேரமும் மடத்துக்குள் எங்கும் நுழையலாம் என்ற பிரிவு போனது. மடத்தின் வருமானத்திலிருந்து பங்கு வாங்கும் 76ஆம் பிரிவும் போனது. போன காரணம்தான் சுவையானது. மத வளர்ச்சிக்கான வரி என்று 27ஆம் கூறின்படி அது விழவில்லை. நல்ல நிர்வாகத்துக்காக வாங்குவது மதத்தை வளர்ப்பதாகாது என்றார்கள். கொடுத்த சேவைக்கான கட்டணமாக இல்லாமல் பொதுக் கஜானாவில் கலக்கும் வரியாக இருக்கிறது, அப்படி ஒரு வரி போட மாகாணச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று விழுந்தது. நிர்வாகக் கண்காணிப்பு என்ற யோசனையை யாரும் தூக்கி எறியவில்லை.

இதோடு 1972ஆம் ஆண்டு சேஷம்மாள் வழக்கை ஒட்டிப் படியுங்கள். தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்தது. அர்ச்சகர் செய்யும் பூஜை மதம், ஆனால் அவரை வேலைக்கு அமர்த்துவது உலகியல் செயல், ஆகவே ஒழித்தது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் ஆகமம் சொல்லும் பிரிவைச் சேராதவரை அமர்த்தினால் அது மதத்தில் தலையிடுவதாகும் என்றும் சேர்த்தது. ஆக, அப்பாவுக்குப் பின் மகன் என்பது போனது, சாதிச் சுவர் நின்றது. 2006இல் அரசு எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று ஆணையிட்டது, பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. 2015இல் உச்ச நீதிமன்றம், ஆகமப்படி நியமனம் என்பது அரசமைப்புக்கு உட்பட்டதா என்பதைக் கோயில் கோயிலாகத்தான் பார்க்க வேண்டும் என்றது. பயிற்சி முடித்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தபின், 2021 ஆகஸ்டில்தான் பிராமணரல்லாத 24 பேர் உட்படப் பலருக்கு நியமன ஆணை வந்தது.

சரி, இப்போது ஒரே வழக்கை எடுத்து இரண்டு மாதிரியையும் பொருத்திப் பார்ப்போம். சிதம்பரம் நடராசர் கோயில். பொது தீட்சிதர்கள் நடத்துவது. 1951இல் அரசு அங்கே செயல் அலுவலரை நியமிக்கப் பார்த்தது. தீட்சிதர்கள் ஒரு தனிச் சமயப் பிரிவு என்று ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 1987இல் அரசு மறுபடி முயன்றது, வழக்கு இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. இதற்கிடையே 2008இல், சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடலாம் என்று அரசு ஆணையிட்டது, போலீஸ் காவலோடு பாட வேண்டியிருந்தது. 2009 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, செயல் அலுவலர் பொறுப்பேற்றார். 2014 ஜனவரி 6இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. தீட்சிதர்கள் சமயப் பிரிவு என்பது 1951லேயே முடிந்த விஷயம் என்றது. நிர்வாகத்தில் கேடு இருந்தால் அரசு தலையிடலாம், ஆனால் கேடு தீரும்வரைதான், காலவரையின்றிக் கையில் வைத்துக்கொள்ள முடியாது என்றது. 2022 மேயில் கனகசபையில் ஏறிப் பக்தர்கள் கும்பிடலாம் என்று இன்னோர் அரசாணை வந்தது, தகராறு தொடர்கிறது.

இங்கே மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. கணக்கை யார் பார்ப்பது? மேடையில் யார், எந்த மொழியில் பாடுவது? எந்த மேடைவரை பக்தர் ஏறலாம்? தேர்வுத்தாளில் மாணவர்கள் சறுக்குவது மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஆதரித்தோ எதிர்த்தோ எழுதுவதால்தான்.

பிரிவினைவாதி முதல் கேள்விக்கு, கணக்கில் மோசடி இருந்தால் எந்த அறக்கட்டளைக்கும் பொருந்தும் பொதுச் சட்டம் போதும், கோயிலுக்கென்று ஒரு துறை எதற்கு என்பார். இரண்டாவதும் மூன்றாவதும் தீட்சிதர் விருப்பம் என்று விட்டுவிடுவார். தெளிவான பதில், ஒரே அளவுகோல். ஆனால் அதே தெளிவு, கோயில் வாசலில் தலித்துகளைத் தடுத்த அறங்காவலரையும் காப்பாற்றியிருக்கும். அதுவும் சபையின் உள்விவகாரம்தானே. அரசு தலையிடாமல் இருந்தால் அங்கே இருப்பது சுதந்திரம் என்று பிரிவினை மாதிரி எடுத்துக்கொள்கிறது. இங்கே அந்த வெற்றிடத்தில் ஏற்கெனவே சாதி உட்கார்ந்திருந்தது.

சம மரியாதைக்காரர் என்ன சொல்வார்? இங்கேதான் இந்த மாதிரியின் பலவீனம் தெரியும். யாருக்கு மரியாதை? தீட்சிதர் மரபுக்கா, தேவாரம் பாட வந்த சிவனடியாருக்கா? இருவரும் ஒரே மதம், இருவரும் பக்தியின் பெயரால்தான் பேசுகிறார்கள். சம மரியாதை என்பது மதங்களுக்கு இடையே என்ன செய்வது என்று சொல்கிறது. ஒரு மதத்துக்குள் சண்டை வந்தால் கையைப் பிசைகிறது. பெரும்பாலும் அந்த மதத்தில் ஏற்கெனவே அதிகாரத்தில் இருப்பவருக்கே மரியாதை போய்ச் சேரும்.

கோயில் நுழைவுச் சட்டங்களும் பரம்பரை ஒழிப்பும் இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது வேலை. அரசியல் கோட்பாட்டாளர் ராஜீவ் பார்கவா இதைக் கொள்கை வழிப்பட்ட இடைவெளி என்று விளக்குகிறார். அரசு எல்லா மதத்திலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டியதில்லை. சமத்துவம், சுதந்திரம் போன்ற விழுமியம் கேட்கும் இடத்தில் நெருங்கலாம், கேட்காத இடத்தில் விலகலாம், ஆனால் நெருங்கவும் விலகவும் ஒரே விழுமியம் காரணமாக இருக்க வேண்டும். இதை வைத்து அந்த மூன்று கேள்விகளைப் பிரியுங்கள். வாசலில் சாதி பார்ப்பதைத் தடுக்க வலுவான காரணம் இருக்கிறது, 17ஆம் கூறே தீண்டாமையை ஒழித்திருக்கிறது. மேடையில் பாடுவதற்கும் ஏறுவதற்கும் சமத்துவ வாதம் வைக்கலாம், ஆனால் எல்லாப் பக்தரையும் ஒரேபோலத் தடுக்கிறார்களா, சிலரை மட்டும் தடுக்கிறார்களா என்று பார்த்தபின்தான். கணக்குப் பார்க்க நிர்வாகத்தையே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதற்கு இந்த விழுமியம் எதுவும் தேவைப்படவில்லை, தணிக்கை போதும். 2014 தீர்ப்பு அந்த வகையில் சரியான இடத்தில் கோடு போட்டது என்றே நினைக்கிறேன், அதன் பலனை அனுபவிப்பவர்கள் யார் என்பதில் எனக்கு உற்சாகம் இல்லாவிட்டாலும்.

இந்தியாவை விமர்சிக்க வேண்டிய இடமும் இதே அளவுகோலில்தான் வருகிறது. தமிழ்நாட்டில் 40,000க்கும் மேற்பட்ட இந்து, சமண நிறுவனங்கள் அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. பஞ்சாபில் 1925ஆம் ஆண்டு குருத்துவாராச் சட்டப்படி சீக்கியர்கள் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு நிர்வகிக்கிறது. வக்ஃபு சொத்துக்கு வாரியம் உண்டு. 2025ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் முஸ்லிம் அல்லாதவர்களை உறுப்பினராக்கியது, அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தின் சில பகுதிகளை நிறுத்தி வைத்தது. தேவாலயங்களுக்கு இப்படி ஒரு துறையே இல்லை. வேறுபாடு இருப்பதே தவறில்லை, ஒவ்வொன்றின் நில வரலாறும் வேறு. ஆனால் அறநிலையத் துறை ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும், வக்ஃபு வாரியத்தில் மட்டும் வேற்று மதத்தினர் இருக்கலாம் என்றால், எந்த விழுமியத்துக்காக என்று கேட்பது நியாயம். அதேபோல, சீக்கியருக்குத் தேர்தல் உண்டு, இந்து பக்தருக்கு ஏன் அரசு நியமிக்கும் அறங்காவலர் என்ற கேள்வியும் நியாயம். கோயில்களை அரசிடமிருந்து விடுவி என்ற முழக்கம் இந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்கிறது. விடுவித்து யாரிடம் கொடுப்பது என்று கேட்டால் முழக்கத்தின் குரல் இறங்கிவிடும். 1863க்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும்.

இன்னொரு விலையும் உண்டு. எது மதத்தின் அவசியப் பகுதி என்று நீதிபதிகள் தீர்மானிக்கத் தொடங்கினால் அவர்கள் ஆகமமும் குர்ஆனும் படித்துத் தீர்ப்பெழுத வேண்டியிருக்கிறது. சிரூர் மடத் தீர்ப்பு மதத்தின் சொல்லைக் கேள் என்றது. பின்னாளைய தீர்ப்புகள் மதம் சொல்வது உண்மையா என்றே சோதிக்கின்றன. பிரிவினை மாதிரி தவிர்க்க நினைத்த சிக்கல் இதுதான், அந்தப் பயம் வீண் இல்லை.

இனிப் பக்கத்து நாடுகள். இலங்கையும் ஏறத்தாழ இதே இடத்தில் தொடங்கியது. 1815 கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் பௌத்தத்தைப் பேணுவதாகப் பிரிட்டிஷார் வாக்குக் கொடுத்தார்கள். பிறகு மிஷனரி நெருக்கடியில், சென்னையில் விலகிய அதே 1840களில், அங்கேயும் விலகினார்கள். சென்னையில் அந்த வெற்றிடத்தைக் கணக்குக் கேட்கும் துறை நிரப்பியது. இலங்கையில், அரசன் இருந்த இடத்தில் அரசே காவலனாக நிற்க வேண்டும் என்ற கோரிக்கையாக அது வளர்ந்தது. சுதந்திரத்தின்போது இருந்த அரசமைப்பின் 29ஆம் பிரிவு எந்த மதத்தவருக்கும் தனிச்சலுகை தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972இல் அது போய், பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 9ஆம் உறுப்புரை, புத்த சாசனத்தைப் பேணி வளர்ப்பது அரசின் கடமை என்கிறது, மற்ற மதங்களுக்கு 10, 14ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை உறுதி செய்கிறது. அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் பொது வாக்கெடுப்பும் வேண்டும்.

இதைச் சம மரியாதை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ விவகாரத் திணைக்களங்களும் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைப்பது உரிமை, பௌத்தத்துக்குக் கிடைப்பது உரிமையும் அரசின் கடமையும். 2003இல் ஒரு கத்தோலிக்கச் சகோதரிகள் சபையைச் சட்டப்படி நிறுவனமாக்கும் மசோதா வந்தபோது, அதன் மதப் பரப்புதல் 9ஆம் உறுப்புரைக்குப் பாதகமாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதன்மை இடம் என்பது வெறும் மரியாதைச் சொல் இல்லை, தீர்ப்பில் வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று. இலங்கையைப் படிநிலைப்பட்ட மரியாதை என்று தனியாக வையுங்கள், சம மரியாதைக் கூடையில் போடாதீர்கள்.

நேபாளம், இந்து ராஜ்யமாக இருந்து 2006இல் மதச்சார்பற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2008இல் மாவோயிஸ்ட் நிதியமைச்சர் பாபுராம் பட்டராய், இந்திர யாத்திரை போன்ற விழாக்களின் பலிச் செலவுக்குத் தந்துவந்த பணத்தை நிறுத்தினார். பிரிவினை மாதிரிப்படி மிகச் சரியான செயல். காத்மாண்டுவில் நேவார் மக்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு பின்வாங்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. பழமைவாதக் கூச்சல் என்று இதை எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அப்படி எழுதினால் பாதிதான் வரும். விழாக்களைத் தாங்கிய குத்தி அறக்கட்டளை நிலங்களை 1960களிலேயே அரசு தன் நிறுவனத்தின் கீழ் கொண்டுபோயிருந்தது. 290அ கூறில் பார்த்த அதே கணக்கு. நிலத்தை எடுத்துக்கொண்ட அரசு, பணத்தை நிறுத்தும்போது மட்டும் மதச்சார்பின்மை பேசுகிறது. 2015ஆம் ஆண்டு அரசமைப்பு நேபாளத்தை மதச்சார்பற்ற நாடு என்றபின், தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அதற்குள் அடக்கம் என்று விளக்கம் சேர்த்துக்கொண்டது. மதமாற்றத் தடையும் கூடவே இருக்கிறது. எனவே அங்கே மதச்சார்பின்மையின் வாசகம் ஒரு பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கிறது.

வங்கதேசத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அங்கே நிர்வாகத்தைவிட வாசகம்தான் போர்க்களம். 1972ஆம் ஆண்டு அரசமைப்பின் 12ஆம் கூறு, மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதையே ஒழிக்கப் பார்த்தது. இந்த விஷயத்தில் அது இந்தியாவைவிடக் கறாரானது. 1977இல் ராணுவ ஆட்சியில் அது நீக்கப்பட்டது. 1988இல் இஸ்லாம் அரச மதமானது. 2011இல் பதினைந்தாவது திருத்தம் மதச்சார்பின்மையைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் அரச மதத்தை எடுக்கவில்லை, மற்ற மதங்களுக்குச் சம உரிமை என்று ஒரு வரி சேர்த்தது. அரச மதத்தை எதிர்த்த மனுவை உயர் நீதிமன்றம் 2016இல் தள்ளியது.

கட்டுரை எழுதும்போது நாடு நாடாகப் போகாதீர்கள், நிலம், உண்டியல், சாவி என்று போங்கள். ஒவ்வொன்றிலும் அரசு எப்படி வந்து உட்கார்ந்தது, எந்த விழுமியத்தைச் சொல்லி உட்கார்ந்திருக்கிறது, அதே விழுமியத்தை அடுத்த மதத்துக்கும் சொல்கிறதா, எழுந்து போக நாள் குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். சிதம்பரத்தில் கடைசிக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் செயல் அலுவலர் இருக்கும் மற்றக் கோயில்கள் பலவற்றுக்கு அந்தக் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது, உங்கள் கட்டுரைக்கு அங்கேயே ஒரு நல்ல கோயிலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.